மிஷன் அச்சும் பள்ளியும்: தரங்கம்பாடியிலிருந்து வண்ணார்பண்ணை வரை

மிஷனரிகள் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு வாதங்கள் வந்து நிற்கும். நமக்கு எழுத்தறிவைக் கொடுத்ததே அவர்கள்தான் என்பது ஒன்று. மதம் மாற்றத்தான் வந்தார்கள், மற்றதெல்லாம் வேஷம் என்பது இன்னொன்று. சமய வரலாறு படிப்பவருக்கு இரண்டுமே பெரிதாக உதவாது. எழுத்தறிவு இங்கே ஏற்கெனவே இருந்தது. மதம் மாற்ற வந்ததை அவர்களும் மறைக்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: அச்சு எந்திரமும் பள்ளிக்கூடமும் சேர்ந்து வந்தபோது, ஒரு சமயத்தைக் கற்றுக்கொள்வது என்ற காரியம் எப்படி மாறியது? மதம் மாறியவர்களிடம் நடந்த மாற்றம் எளிதில் தெரியும். மாறாமலே இருந்த சைவர்களிடம் நடந்ததுதான் கவனிக்க வேண்டியது.

தமிழ் எழுத்தில் முதலில் அச்சான நூல்கள் தென்கரையோர முத்துக்குளித்துறையைச் சேர்ந்த கத்தோலிக்கரான பரவர்களுக்காக வந்தவை. இயேசு சபையைச் சேர்ந்த அன்றீக் அடிகளார் 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற பதினாறு பக்கச் சிறு நூலை அச்சிட்டார். அடுத்த ஆண்டு கொச்சியில் 'கிரீசித்தியானி வணக்கம்' வந்தது. இது வினா விடையாக அமைந்த நூல். குரு கேட்பார், சீடன் பதில் சொல்வான். இந்த வடிவத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். ஆனால் இந்த முதல் அச்சு முயற்சி தொடர்ச்சியாக வேரூன்றவில்லை. ஆகவே கதையைத் தரங்கம்பாடியிலிருந்து தொடங்குவதே வசதி.

1706 ஜூலையில் டேனிஷ் அரசர் நான்காம் பிரெடரிக் அனுப்பி, ஜெர்மானியர்களான சீகன்பால்கும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார்கள். டேனியர்கள் 1620 முதலே அங்கே கோட்டை கட்டி வணிகம் செய்துகொண்டிருந்தார்கள். கோட்டைத் தலைவருக்கு இந்தப் பாதிரிமார் வந்ததில் துளியும் விருப்பமில்லை. இரண்டே ஆண்டுகளில் சீகன்பால்கைப் பிடித்து நான்கு மாதம் சிறையில் வைத்தார். 'காலனி அரசும் மிஷனும் ஒரே கை' என்று எழுதுபவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

சீகன்பால்கு தமிழ் கற்ற விதத்தைப் பாருங்கள். வயதான திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரை, மாணவர்களோடு சேர்த்துத் தன் வீட்டுக்கே வந்து பள்ளி நடத்தச் சொன்னார். குழந்தைகளோடு தானும் உட்கார்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். அதாவது பள்ளி நடத்த வந்தவர் முதலில் நம் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். அந்தப் பள்ளியில் மணலுக்கு அப்புறம் ஓலை, எழுத்தாணி. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், எண்சுவடி, நிகண்டு என்று எல்லாம் மனப்பாடம். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பான். இந்த முறை பிற்பாடு சீமைக்கே போனது. 1789-இல் சென்னை எழும்பூரில் ஓர் அநாதைப் பள்ளியை நடத்த வந்த ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதுவதையும் சட்டாம்பிள்ளை ஏற்பாட்டையும் பார்த்து அதையே தன் பள்ளிக்கு எடுத்துக்கொண்டார். 1797-இல் லண்டனில் அதைப் பற்றி நூல் எழுதி, 'மதராஸ் முறை' என்றே பெயர் வாங்கித் தந்தார்.

தரங்கம்பாடிக்குத் திரும்புவோம். 1708-க்குள் சீகன்பால்கு நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைச் சேர்த்து, ஒவ்வொன்றைப் பற்றியும் குறிப்பு எழுதி வைத்தார். புலவர்களின் விதவைகளிடமிருந்து சுவடிகளை விலைக்கு வாங்க ஆட்களை அனுப்பினார். அதே ஆண்டில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்க்கத் தொடங்கி 1711-இல் முடித்தார். இதற்குள் 1707-லேயே பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பள்ளிகள் தொடங்கியாயிற்று. இங்கேதான் சிக்கல் வந்தது. பள்ளியில் முப்பது பிள்ளைகள் என்றால் முப்பது பிரதி வேண்டும். ஓலையில் எழுதுவோருக்குக் கூலி கொடுத்து, ஒவ்வொன்றையும் பிழை பார்த்து, பூச்சி அரிக்காமல் காப்பாற்றி எத்தனை பிரதி எடுக்க முடியும்? அதோடு, வேதவசனம் ஒரு சொல்லும் பிசகாமல் எல்லோர் கையிலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய புராட்டஸ்டண்டுப் பிடிவாதம். ஏடு எழுதுபவர் தனக்குத் தோன்றிய இடத்தில் பாடத்தைத் திருத்திக்கொள்வார். சுவடி மரபில் அது குற்றமே இல்லை. மிஷனுக்கு அது ஆகாது. பள்ளிதான் அச்சை வரவழைத்தது என்று சொல்வதில் தவறில்லை.

லண்டனிலிருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் ஓர் அச்சு எந்திரத்தையும் ஓர் அச்சுத் தொழிலாளியையும் கப்பலேற்றியது. கப்பல் பிரெஞ்சுக்காரர்கள் கையில் சிக்கி, பணம் கொடுத்து மீட்கப்பட்டது. அச்சுத் தொழிலாளி வழியிலேயே இறந்துபோனார். 1712-இல் எந்திரம் மட்டும் வந்து சேர்ந்தது, ஓட்டத் தெரிந்த ஆள் இல்லை. டேனிஷ் கோட்டையில் இருந்த ஒரு ஜெர்மானியச் சிப்பாய்க்கு அந்தத் தொழில் கொஞ்சம் தெரிந்திருந்தது. அவரை வைத்து முதலில் போர்த்துக்கீசிய மொழியில் சில நூல்கள் அச்சிட்டார்கள். கடலோரத் துறைமுகங்களில் அப்போது அந்த மொழி புழக்கத்தில் இருந்தது; தமிழ் அச்செழுத்தும் கையில் இல்லை.

தமிழ் எழுத்து ஜெர்மனியின் ஹாலே நகரில் வெட்டப்பட்டு 1713-இல் வந்தது. தமிழை அச்சுக்குக் கொண்டுவருவது ரோமன் எழுத்தைப் போல எளிதல்ல. கால், கொம்பு, ஐகாரக் குறி ஆகியவற்றைத் தனித் துண்டாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் கி, கீ, கு, கூ போன்றவை மெய்யோடு ஒட்டிக்கொண்டு வடிவம் மாறுபவை. பதினெட்டு மெய்க்கும் இவற்றைத் தனித்தனியே வெட்டியாக வேண்டும். உயிரெழுத்தையும் சேர்த்தால் நூற்றுக்கும் மேற்பட்ட அச்சுகள். தமிழே தெரியாத ஊரில், அனுப்பி வைத்த மாதிரியைப் பார்த்து இதைச் செய்தார்கள். எழுத்து வந்துவிட்டது, ஆனால் அளவு மிகப் பெரிது. ஒரு பக்கத்துக்குச் சில வரிகள்தான் பிடித்தன. முழுப் புதிய ஏற்பாட்டையும் அந்த எழுத்தில் அச்சிட்டால் காகிதம் கட்டாது. காகிதமோ ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வர வேண்டிய சரக்கு.

எழுத்தோடு வந்திருந்த அச்சுக்கலைஞர் ஆட்லர், பக்கத்து ஊரான பொறையாற்றில் சிறிய எழுத்துகளை வெட்டி வார்த்தார். ஈயத்துக்காக, இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டியைச் சுற்றியிருந்த ஈய உறைகளை உருக்கினார்கள் என்று சொல்வதுண்டு. 1714-இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715-இல் முழுப் புதிய ஏற்பாடும் வெளிவந்தன. பொறையாற்றிலேயே ஒரு காகித ஆலையும் தொடங்கினார்கள், அது நெடுநாள் ஓடவில்லை. 1716-இல் ஆசிரியர்களையும் உபதேசியார்களையும் பயிற்றுவிக்க ஒரு பள்ளி வந்தது. 1719-இல் சீகன்பால்கு இறந்தபோது அவருக்கு வயது முப்பத்தாறு.

இந்த அச்சில் 1713-லேயே வந்த தமிழ்த் துண்டுப் பிரசுரம் ஒன்று அஞ்ஞானத்தைக் கண்டிப்பது, அதாவது நம்முடைய கோயில் வழிபாட்டைத்தான். அதே ஆண்டில் சீகன்பால்கு தமிழ்த் தெய்வங்களின் பரம்பரை பற்றி விரிவான ஜெர்மன் நூல் ஒன்றை எழுதி ஹாலேக்கு அனுப்பினார். ஹாலேயிலிருந்து மிஷனை வழிநடத்திய பிராங்கே அதை அச்சிட மறுத்தார். அஞ்ஞானத்தை ஒழிக்கத்தான் ஆட்களை அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது அவர் எண்ணம். அந்த நூல் 1867-இல்தான் சென்னையில் அச்சேறியது. மிஷன் மூலங்களைப் படிக்கும்போது இந்த வேறுபாடு உதவும். எது உடனே அச்சானது, எது கையெழுத்துப் பிரதியாகவே கிடந்தது என்று பார்த்தாலே யாருடைய தேவைக்கு எழுதப்பட்டது என்பது பிடிபடும். ஹாலேயில் தொடர்ந்து வெளிவந்த மிஷன் அறிக்கைகள் நன்கொடை தருபவர்களுக்காகத் தொகுக்கப்பட்டவை. அவற்றில் மதம் மாறியவர்களின் கதை நிறைய இருக்கும், திரும்பிப் போனவர்களின் கதை குறைவாக இருக்கும்.

நூறு ஆண்டுகளுக்கு மேல் இந்த அச்சு தமிழ்ச் சமயச் சூழலைப் பெரிதாக அசைக்கவில்லை. எந்திரங்கள் மிஷன் கையிலும் கம்பெனி கையிலும்தான் இருந்தன. 1761-இல் புதுச்சேரியைப் பிடித்த ஆங்கிலேயர்கள் அங்கிருந்த ஓர் அச்சு எந்திரத்தைச் சென்னைக்குக் கொண்டுவந்து வேப்பேரி மிஷனில் இருந்த பாதிரியார் பப்ரிசியசிடம் கொடுத்தார்கள். அரசு வேலை வந்தால் அதற்கே முதலிடம் என்பது நிபந்தனை. தஞ்சையில் சரபோஜி மன்னர் வைத்த அச்சகம் போல ஒன்றிரண்டு விதிவிலக்குகள் உண்டு. மற்றபடி சைவமும் வைணவமும் ஓலையிலேயே வாழ்ந்தன. அச்சகம் வைக்க இருந்த உரிமக் கெடுபிடிகள் 1835-இல் கவர்னர் ஜெனரல் பொறுப்பில் இருந்த மெட்கால்ப் காலத்தில் நீங்கிய பிறகு இந்தியர்களின் அச்சகங்கள் பெருகின.

இந்தச் சூழலில் மிஷனோடு நேருக்கு நேர் மோதல் நடந்த இடம் யாழ்ப்பாணம். சின்னஞ்சிறு தீபகற்பம், வெஸ்லியன், அமெரிக்க, ஆங்கிலிக்கன் என மூன்று புராட்டஸ்டண்டு மிஷன்கள் 1814-க்கும் 1818-க்கும் இடையில் அங்கே வந்து இடத்தைப் பங்கு போட்டுக்கொண்டன. அமெரிக்கர்கள் 1820-இல் ஓர் அச்சுத் தொழிலாளியை வரவழைத்தபோது, இலங்கை ஆளுநர் பார்ன்ஸ் அவரைத் தீவை விட்டுப் போகச் சொல்லிவிட்டார். எந்திரம் நல்லூரில் இருந்த ஆங்கிலிக்கன் மிஷன் வசம் போனது. 1834-இல்தான் மானிப்பாயில் அமெரிக்கர்கள் தாங்களே அச்சகம் நடத்தத் தொடங்கினார்கள்.

அதற்குள் பள்ளிகள் பெருகிவிட்டன. 1823-இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனின் செமினரி என்ற உயர்கல்விக்கூடம், 1824-இல் உடுவிலில் பெண்களுக்கான விடுதிப் பள்ளி. ஊர்ப் பள்ளிகளுக்குப் போதுமான கிறிஸ்தவ ஆசிரியர்கள் கிடைக்கவில்லை. அதனால் திருநீறு பூசிய சைவ ஆசிரியர்களையே சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டார்கள். அவர்களும் வேதபாடத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டு வீட்டில் பூசை செய்தார்கள். பிள்ளைகளின் செலவை அமெரிக்காவில் உள்ள புரவலர்கள் ஏற்றார்கள், பதிலுக்குத் தாங்கள் விரும்பிய பெயரைப் பிள்ளைக்கு வைத்தார்கள். 1841 ஜனவரியில் தொடங்கிய 'உதயதாரகை' இதழின் ஆசிரியர்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன். பெயரைப் பார்த்து வெள்ளைக்காரர்கள் என்று எண்ண வேண்டாம், இருவரும் யாழ்ப்பாணத் தமிழர்கள்.

நல்லூரில் 1822-இல் பிறந்த ஆறுமுகம், வெஸ்லியன் மிஷனின் பீட்டர் பேர்சிவல் நடத்திய பள்ளியில் ஆங்கிலம் படித்து, அங்கேயே ஆசிரியராகவும் இருந்து, பேர்சிவலுடன் சேர்ந்து பைபிளைத் தமிழாக்கும் வேலையில் ஆண்டுக்கணக்கில் உழைத்தவர். பைபிள் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். 1847 டிசம்பர் கடைசியில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கம் தொடங்கினார். 1848-இல் அங்கேயே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மிஷன் வேலையையும் விட்டார். பள்ளி தொடங்கியதும் சீகன்பால்குக்கு வந்த அதே சிக்கல் இவருக்கும் வந்தது: பிள்ளைகள் கையில் கொடுக்கப் புத்தகம் இல்லை. 1849-இல் அச்சு எந்திரம் வாங்கச் சென்னைக்குக் கிளம்பினார். போகிற வழியில் திருவாவடுதுறை ஆதீனம் 'நாவலர்' பட்டம் கொடுத்தது. திரும்பி வந்து வண்ணார்பண்ணையில் வித்தியானுபாலன யந்திரசாலையை வைத்தார்.

அந்த எந்திரத்தில் என்ன அச்சானது என்பதைப் பார்த்தால் விஷயம் புரியும். படிப்படியாக ஏறும் 'பாலபாடம்' வரிசை, பெரியபுராணத்துக்கு உரைநடை வடிவம், சைவ வினாவிடை, 1854-இல் 'சைவதூஷண பரிகாரம்'. இந்தக் கடைசி நூல் பைபிளையே எடுத்துக்கொண்டு வாதிடுகிறது. எருசலேம் ஆலயத்தில் பலிபீடம் உண்டு, தீபம் உண்டு, தூபம் உண்டு, சுத்திச் சடங்கு உண்டு. அதையெல்லாம் உங்கள் தேவனே கட்டளையிட்டிருக்கும்போது எங்கள் கோயில் கிரியைகளை எந்த வாயால் பழிக்கிறீர்கள் என்பதுதான் அதன் போக்கு. பைபிள் மொழிபெயர்ப்பில் உழைத்தவருக்கே கைவரக்கூடிய வாதம் இது.

ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அந்தச் சிறிய வினாவிடைதான். உலகத்துக்குக் கர்த்தா யார் என்று தொடங்குகிறது. சிவபெருமான் என்று பதில். அவர் எப்படிப்பட்டவர் என்று அடுத்த கேள்வி. என்றும் உள்ளவர், எங்கும் நிறைந்தவர், எல்லாம் அறிந்தவர், எல்லாம் வல்லவர் என்று போகிறது. கேள்வியும் பதிலும் சைவத்துக்குப் புதிதா என்றால், இல்லை. சைவ சித்தாந்தத்துக்கு அடிப்படையான மெய்கண்ட சாத்திரங்களில் ஒன்றான 'உண்மை விளக்கம்' முழுவதும் கேள்வி பதில்தான். ஆனால் அங்கே கேட்பவர் மாணவர். ஆணவம் என்றால் என்ன, நான் யார், ஐந்தெழுத்தின் பொருள் என்ன என்று அவர் கேட்கிறார், குரு சொல்கிறார். கேட்பதற்குத் தகுதி வேண்டும், பக்குவமும் தீட்சையும் வேண்டும். பள்ளிக்கூட வினாவிடையில் இது தலைகீழ். கேட்பவர் ஆசிரியர், விடை சொல்பவன் எட்டு வயதுப் பையன். அவனுக்கு அந்தச் சந்தேகம் வந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. விடை சரியா தப்பா என்று பார்த்து மதிப்பெண் போடலாம். 1579-இல் கொச்சியில் அச்சான நூலில் இருந்த அதே அமைப்பு.

இதன் விளைவு சிறியதல்ல. பிறப்பாலும் வழக்கத்தாலும் சைவராக இருந்த ஒரு குடும்பத்துப் பிள்ளை, இப்போது சைவம் என்றால் இன்னின்ன கொள்கை என்று வரிசையாகச் சொல்லத் தெரிந்தவனானான். மடத்தில் தீட்சை பெற்றவர்களிடையே இருந்த பதி, பசு, பாசம், அதாவது இறைவன், உயிர், உயிரைக் கட்டும் தளை என்ற பாகுபாடு, காசு கொடுத்தால் கிடைக்கும் புத்தகத்தில் வந்துவிட்டது. கோயில் திருவிழாவில் மிருகபலி, தாசி ஆட்டம் போன்ற ஊர் வழக்கங்களை நாவலரே கடுமையாகத் தாக்கினார். ஆகமத்தில் இல்லாதது சைவம் ஆகாது என்பது அவர் அளவுகோல். நூலில் எழுதியிருப்பதே சமயம் என்ற இந்தப் பார்வையை அவர் ஆகமங்களிலிருந்தே எடுத்தார் என்று அவரைப் போற்றுபவர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. மீதிப் பாதி, பைபிள் மேசையில் பேர்சிவலோடு உட்கார்ந்த ஆண்டுகளில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

சாதியில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. கோயிலிலும் பள்ளியிலும் சாதி ஆசாரம் காக்கப்பட வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். மிஷன்களும் இதில் சுத்தம் என்று சொல்ல முடியாது. தரங்கம்பாடி வழிவந்த லூத்தரன் சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனியே உட்காரும் வழக்கம் நெடுங்காலம் நீடித்தது. ஆனாலும் ஒரு வேறுபாடு உண்டு. மிஷன் பள்ளிகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு, சண்டை சச்சரவோடு என்றாலும், ஒரு கதவு திறந்தது. நாகர்கோவில் பக்கம் லண்டன் மிஷன் பள்ளிகளில் படித்த நாடார் பெண்கள் மேலாடை அணிந்ததால் எழுந்த தோள்சீலைக் கலகம் 1859 வரை ஓடியதற்கு அந்தக் கதவும் ஒரு காரணம்.

பள்ளி அதை நடத்தியவர்கள் நினைத்தபடி போகவில்லை. வட்டுக்கோட்டையில் ஆங்கிலமும் வானவியலும் கணிதமும் படித்தவர்கள் அரசு உத்தியோகத்துக்குப் போனார்கள், ஊழியத்துக்கு வந்தவர்கள் குறைவு. 1857-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் அங்கே படித்தவர்களே. தாமோதரம்பிள்ளை சைவராக வாழ்ந்து கலித்தொகையையும் தொல்காப்பிய உரைகளையும் அச்சுக்குக் கொண்டுவந்தார். நாவலரை எதிர்த்து எழுதிக்கொண்டிருந்த விசுவநாதபிள்ளை பிற்காலத்தில் சைவத்துக்கே திரும்பினார். பாஸ்டனிலிருந்து கணக்குப் பார்த்த அமெரிக்க மிஷன் தலைமை, ஆங்கிலக் கல்வி கிறிஸ்தவர்களை உண்டாக்கவில்லை என்று முடிவு செய்து 1855-இல் செமினரியை மூடியது. இனித் தமிழில் மட்டும் படிப்பு என்றது.

ஊர்க் கிறிஸ்தவர்களே அதை ஏற்கவில்லை. ஆங்கிலப் பள்ளி வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்து, 1872-இல் அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரியைத் தொடங்க வைத்தார்கள். அதே 1872-இல் வண்ணார்பண்ணையில் நாவலரும் ஒரு சைவ ஆங்கில வித்தியாசாலையைத் தொடங்கினார். பணமில்லாமல் சில ஆண்டுகளில் அதை மூட வேண்டியதாயிற்று. அவர் 1879-இல் மறைந்த பிறகு, 1890-இல் சைவர்கள் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியை அமைத்து, அந்த இடத்தை நிரப்பினார்கள்.